டிக்கெட் போட்டாச்சா?

ஆறு பேர், எட்டு வாரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் 1920 மணி நேரம். மென்பொருள் நிறுவனங்களில் ஒரு திட்டத்துக்குத் தேதி குறிக்க உட்காரும்போது போர்டில் முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் இந்தப் பெருக்கல்தான். அதன் பக்கத்தில் வேலைக்கான எஸ்டிமேட்டை எழுதுவார்கள். 1100 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 1920 இருக்கிறது, 1100தான் வேண்டும், தாராளமாக முடித்துவிடலாம் என்று வாடிக்கையாளருக்குத் தேதி போய்விடும்.

பல வருடங்களுக்கு முன்பு நானும் இப்படி ஒரு தேதி கொடுத்தேன். ஜனவரி மூன்றாம் வாரம் என்று சொல்லியிருந்தேன். பொங்கலன்று காலை பத்து மணிக்கு என் குழுவில் ஒருவர் திருநெல்வேலிப் பக்கம் தன் வீட்டு மொட்டைமாடியில், சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில், மடிக்கணினியோடு நின்றுகொண்டிருந்தார். போனில் அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது கீழே வாசலில் குலவைச் சத்தம் கேட்டது. பானை பொங்கிவிட்டது. "ஒரு நிமிஷம் அண்ணா" என்றார். பிறகு, "பரவாயில்ல, சொல்லுங்க" என்றார். அந்த 'பரவாயில்ல' என்னை இன்னும் விடவில்லை. அவர் அன்று தவறவிட்டது நான் அக்டோபரில் செய்த கணக்குப் பிழையின் விலை. அதன்பிறகுதான் கெப்பாசிட்டி என்று நாங்கள் சொல்லும் இந்தக் கணக்கை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ஒரு குழுவிடம் உண்மையில் எவ்வளவு உழைப்பு நேரம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கிற கணக்கு அது.

இதைக் கடினமான ஒரு பருவத்தை வைத்தே போட்டுப் பார்ப்போம். லண்டனில் உள்ள ஒரு கடைக்காரருக்காகச் சென்னையில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்குப் பணம் திரும்பப் போகும் வசதியை இணையதளத்தில் செய்ய வேண்டும். 2025 டிசம்பர் 1, திங்கட்கிழமை தொடக்கம். 2026 ஜனவரி 23, வெள்ளிக்கிழமை முடிவு. குழு கற்பனைதான். ஆனால் நாள்காட்டி நிஜம்.

முதலில் விடுமுறை. இந்த இடைவெளியில் திங்கள் முதல் வெள்ளி வரை 40 நாட்கள் வருகின்றன. அவற்றில் கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை, புத்தாண்டு வியாழக்கிழமை, பொங்கலும் வியாழக்கிழமை, திருவள்ளுவர் தினம் வெள்ளிக்கிழமை. உழவர் திருநாள் சனிக்கிழமையில் வந்துவிட்டது. ஏற்கெனவே விடுமுறையான நாளை இன்னொரு தடவை கழித்துவிடக் கூடாது. கையால் எண்ணும்போது இந்தத் தவறு அடிக்கடி நடக்கும். எக்செல்லில் இதற்கென்றே ஒரு ஃபார்முலா இருக்கிறது:

```
=NETWORKDAYS.INTL(DATE(2025,12,1), DATE(2026,1,23), 1, H2:H6)
```

H2 முதல் H6 வரை ஐந்து விடுமுறைத் தேதிகளையும் எழுதிவிட்டால் விடை 36 என்று வரும். தொடக்க நாள், முடிவு நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணும். சனிக்கிழமையில் விழுந்த உழவர் திருநாளைத் தானே விட்டுவிடும். நடுவில் உள்ள 1 என்பது சனி, ஞாயிறு வார விடுமுறை என்று அர்த்தம். ஞாயிறு மட்டும் விடுமுறை என்றால் அங்கே 11 போட வேண்டும். வெள்ளி, சனி விடுமுறை விடும் இடமென்றால் 7.

எந்தப் பட்டியலைப் பார்த்து விடுமுறைகளை எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். அரசு வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட நாட்கள் இருக்கும். சுவரில் தொங்கும் காலண்டரும் அதைத்தான் காட்டும். தனியார் நிறுவனத்துக்கு அது அப்படியே பொருந்தாது. தேசிய விடுமுறைகள், பண்டிகை விடுமுறைகள் பற்றிய 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் நான்கு தேசிய விடுமுறைகளையும் ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் கட்டாயமாக்குகிறது. அதற்கு மேல் கொடுப்பது நிறுவனத்தின் விருப்பம். ஆகவே மனிதவளத் துறை ஆண்டுத் தொடக்கத்தில் அனுப்பும் பட்டியல்தான் நமக்குக் கணக்கு. குழுவில் ஒருவர் பெங்களூரிலோ கொச்சியிலோ இருந்தால் அவருடைய அலுவலகப் பட்டியல் வேறாக இருக்கும், அதையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் குழுவின் நிறுவனம் அந்த நான்கு நாட்களையும் விடுமுறையாகக் கொடுத்திருக்கிறது. 40 நாள் 36 ஆகிவிட்டது. ஆறு பேருக்கும் சேர்த்து 240 ஆள்-நாட்கள் 216 ஆகின்றன. ஊரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கணக்குப் பார்ப்பார்களே, அதே கணக்குதான் இங்கே ஆள்-நாள்.

அடுத்தது லீவு. இங்கேதான் பல மேலாளர்கள் ஒரு தவறான வழியில் போகிறார்கள். லீவு விண்ணப்ப மென்பொருளைத் திறந்து, யார் யார் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். டிசம்பர் முதல் தேதியில் அது ஏறக்குறைய காலியாக இருக்கும். பொங்கல் லீவை ஜனவரி முதல் வாரத்தில்தான் பலரும் பதிவு செய்வார்கள். ஆனால் ஊருக்குப் போவது எப்போதோ முடிவாகியிருக்கும். ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாளாக இருந்தது. ஆகவே பொங்கலுக்குப் போகிறவர் நவம்பர் நடுவிலேயே டிக்கெட்டுக்கு அலைந்திருப்பார். டிசம்பர் தொடக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி "லீவு எடுப்பீங்களா?" என்பது இல்லை. அப்படிக் கேட்டால், குறிப்பாகப் புதிதாகச் சேர்ந்தவர்கள், "இன்னும் முடிவு பண்ணல" என்றுதான் சொல்வார்கள். "ஊருக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்டால் போதும்.

"போட்டாச்சு அண்ணா. ஞாயித்துக்கிழமை ராத்திரி பொதிகைல கன்ஃபர்ம் ஆயிடுச்சு."

இந்த ஒரு வரியில், டெஸ்டிங் பார்க்கும் அந்தத் தென்காசிக்காரர் ஜனவரி 12, 13, 14 மூன்று நாளும் இருக்கமாட்டார் என்பது தெரிந்துவிடுகிறது. இப்படி ஒவ்வொருவரிடமும் பேசினால் மற்றவையும் வரும். மூத்த புரோகிராமர் ஒருவர் மாலை போட்டிருக்கிறார், டிசம்பர் 10 முதல் 12 வரை சபரிமலை. நாகர்கோவில்காரருக்கு கிறிஸ்துமஸ், அந்த வாரம் முழுக்க நான்கு நாள். புதிதாகச் சேர்ந்தவர் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் அடுத்து வரும் இரண்டு வெள்ளிகளையும் எடுத்துக்கொள்ளப்போகிறார். குழுத் தலைவருக்குப் போகியன்று ஒரு நாள். பணம் திரும்பச் செலுத்தும் பகுதியை எழுதப்போகிறவருக்குத் தை பிறந்ததும் அக்கா கல்யாணம், ஜனவரி 19 முதல் 23 வரை வரமாட்டார். கூட்டினால் 18 நாள்.

முன்கூட்டித் தெரியாத லீவும் இருக்கிறது. காய்ச்சல், குழந்தைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் ஒரு துக்கம். சென்னையில் டிசம்பர் என்றால் மழையும் சேரும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் என்று மின்சாரமும் இணையமும் இல்லாமல் நகரமே நின்ற நாட்களை நாம் பார்த்திருக்கிறோம். இதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு இதே இரண்டு மாத வருகைப் பதிவேட்டை எடுத்து, திட்டமிடாத லீவு எத்தனை என்று எண்ணினால் போதும். இந்தக் குழுவுக்கு ஆளுக்கு ஒரு நாள் வீதம் ஆறு என்று வைப்போம். 216-இல் 18-உம் 6-உம் போக 192 ஆள்-நாட்கள். தொடக்கத்தில் எழுதியதில் ஐந்தில் ஒரு பங்கு, யாரும் எந்தத் தவறும் செய்யாமலேயே, போய்விட்டது.

192 நாளுக்கு எட்டு மணி வீதம் 1536 மணி நேரம். அலுவலகத்தில் ஆட்கள் இருக்கப்போகிற நேரம் இவ்வளவுதான். இந்த நேரம் முழுவதும் இந்தத் திட்டத்துக்கே போகுமா என்பது அடுத்த கேள்வி.

இதைப் பற்றிப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட 'தி மிதிக்கல் மேன்-மந்த்' என்ற நூலில் சார்லஸ் போர்ட்மன் என்ற மேலாளரின் அனுபவத்தைக் குறிப்பிடுகிறார். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஐசிஎல் என்ற கணினி நிறுவனத்தில் இருந்தவர் அவர். அவருடைய குழுக்களில் ஒவ்வொரு வேலையும் எஸ்டிமேட்டைப்போல இரு மடங்கு காலம் எடுத்தது. ஏன் என்று புரியாமல், யார் எந்த நேரத்தை எதில் செலவிடுகிறார்கள் என்று கவனமாகப் பதிவு செய்ய வைத்தார். வேலை நேரத்தில் பாதிதான் புரோகிராம் எழுதுவதற்கும் பிழை திருத்துவதற்கும் போயிருந்தது. இயந்திரக் கோளாறு, திடீரென்று வந்த சில்லறை வேலைகள், மீட்டிங், காகித வேலை, உடல்நலக்குறைவு எல்லாம் மீதிப் பாதியைத் தின்றிருந்தன. புரோகிராமர்களின் மதிப்பீடு சரியாகவே இருந்தது. ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் கையில் இருக்கும் என்ற அனுமானம்தான் தப்பு.

அரை நூற்றாண்டு கழித்தும் இது அவ்வளவாக மாறவில்லை. நம் குழுவின் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பார்ப்போம். காலை பத்து மணிக்கு எல்லாரும் நின்றபடி பேசும் கால்மணி நேர ஸ்டாண்டப். அது முடிந்து உட்கார பத்தரை. குளிர்காலத்தில் லண்டனைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே காலை ஒன்பது அடிக்கும்போது இங்கே மதியம் இரண்டரை. அதன்பிறகுதான் அவர்கள் அழைக்க ஆரம்பிப்பார்கள். இரண்டரைக்கு ஒரு கால், நான்கு மணிக்கு இன்னொன்று, ஐந்தரைக்கு ஒரு சந்தேகம். ஒவ்வொன்றும் அரைமணிதான். ஆனால் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் புதிதாக எதையும் எழுதத் தொடங்க மனம் வராது. மின்னஞ்சல் பார்ப்பார்கள், சின்னத் திருத்தம் ஒன்று செய்வார்கள். காகிதத்தில் மீட்டிங் ஒன்றேமுக்கால் மணி நேரம். அதனால் உடைந்த நேரத்தையும் சேர்த்தால் மூன்று மணி நேரம். ஆகவே என் கணக்கில், மீட்டிங் எத்தனை மணி என்பதோடு, இரண்டு மணி நேரம் தொடர்ச்சியாகத் தொந்தரவில்லாமல் எத்தனை தடவை கிடைக்கிறது என்பதையும் பார்ப்பேன். லண்டனோடு வேலை செய்யும் குழுவுக்கு அந்தத் தொடர்ச்சி காலையில்தான் கிடைக்கும். உள்ளூர் மீட்டிங் எதையும் பத்தரைக்கும் ஒரு மணிக்கும் இடையில் வைக்கக் கூடாது.

ஸ்க்ரம் முறையில் வேலை செய்கிறவர்களுக்கு மீட்டிங் நேரத்தின் ஒரு பகுதி முன்பே தெரியும். ஒரு மாதச் சுற்றுக்குத் திட்டமிடல் எட்டு மணி, காட்டிப் பேசுவது நான்கு மணி, திரும்பிப் பார்ப்பது மூன்று மணி என்று அதன் கையேடு உச்ச வரம்பு சொல்கிறது. இரண்டு வாரச் சுற்றுக்கு அதில் பாதி என்று எடுத்துக்கொண்டு, தினமும் கால்மணி நேர ஸ்டாண்டப்பையும் சேர்த்தால், 80 மணி நேரத்தில் பத்து மணி நேரம் வரை போகும். கணக்கில் வராமல் தப்பிவிடுவது மற்றவைதான். நிறுவன அளவிலான கூட்டம், கட்டாயப் பயிற்சி, ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வு, பழைய திட்டத்தில் ஏதாவது நின்றுபோனால் வரும் அழைப்பு.

இந்த இழப்பு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், சராசரியாக ஒரே எண்ணை எல்லாருக்கும் போட்டுக் கழிப்பதை நான் ஏற்பதில்லை. குழுத் தலைவரை எடுத்துக்கொள்ளுங்கள். நாளில் மூன்றரை மணி நேரம் அவர் மீட்டிங்கில் இருப்பார். இன்னும் இரண்டரை மணி நேரம் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பார், கேள்விகளுக்குப் பதில் சொல்வார். திட்ட வேலைக்கு அவரிடம் மிஞ்சுவது இரண்டு மணி நேரம். ஆனால் நிறைய அட்டவணைகளில் அவரும் முழு ஆளாகவே எண்ணப்படுகிறார். மாலை போட்ட மூத்தவருக்குப் பழைய திட்டத்தின் பராமரிப்பும் இருக்கிறது. அவரிடம் நான்கு மணி நேரம். இரண்டு திட்டத்துக்கும் பாதிப்பாதி என்று பிரிக்கப்படுகிறவர் இரண்டின் மீட்டிங்குகளிலும் முழுசாக உட்கார வேண்டியிருக்கும். பாதி ஆள் என்று எழுதப்பட்டவர் கையில் பாதிகூட இருக்காது.

புதிதாகச் சேர்ந்தவருக்கு மூன்று மணி நேரம் என்று வைப்போம். அவர் சோம்பேறி என்பதால் இல்லை. கற்றுக்கொள்ளவே மீதி நேரம் போகும், கற்றுக்கொடுப்பவர் நேரமும் அதில் போகும். தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று அதே நூலில் புரூக்ஸ் சொன்னதற்கு ஒரு காரணம் இதுதான். மற்ற மூவருக்கும் ஆளுக்கு ஐந்து மணி நேரம்.

இப்போது ஒவ்வொருவரும் வரப்போகிற நாட்களை அவரவர் மணி நேரத்தால் பெருக்க வேண்டும். தலைவர் 34 நாள், 68 மணி. மூத்தவர் 32 நாள், 128 மணி. நாகர்கோவில்காரருக்கு 155, கல்யாண வீட்டுக்காரருக்கு 150, டெஸ்டிங்குக்கு 160, புதியவருக்கு 99. மொத்தம் 760.

போர்டில் எழுதியது 1920. கையில் இருப்பது 760. அலுவலகத்தில் ஆட்கள் இருக்கப்போகும் 1536 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய சரிபாதி. போர்ட்மன் மான்செஸ்டரில் கண்டதும் அதுதான்.

இந்த வரிசை முக்கியம். முதலில் நாட்களைக் கழித்து முடித்து, பிறகுதான் மீட்டிங்கைக் கழிக்க வேண்டும், அதுவும் வரும் நாட்களுக்கு மட்டும். எட்டு வார மீட்டிங் மொத்தத்தையும் முதலிலேயே எடுத்துவிட்டால், கல்யாணத்துக்குப் போனவர் மண்டபத்தில் இருந்தபடி ஸ்டாண்டப்பில் கலந்துகொள்வதாக ஆகிவிடும். இன்னொரு இரட்டைக் கழித்தலும் உண்டு. சில குழுக்கள் முந்தைய சுற்றுகளில் எவ்வளவு முடித்தோம் என்பதை வைத்தே அடுத்ததைக் கணிப்பார்கள். நல்ல பழக்கம். ஆனால் அந்த எண்ணில் மீட்டிங் எல்லாம் ஏற்கெனவே கழிந்துதான் இருக்கிறது. அங்கே விடுமுறையையும் லீவையும் மட்டும் சரிக்கட்டினால் போதும்.

வேலை எஸ்டிமேட்டிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கும். "இதுக்கு ரெண்டு நாள் ஆகும்" என்று ஒருவர் சொன்னால் அது எந்த இரண்டு நாள்? யாரும் கூப்பிடாத, எழுந்திருக்காமல் உட்கார்ந்து செய்யும் இரண்டு நாளா? இல்லை, இன்று ஆரம்பித்தால் மீட்டிங் எல்லாம் போக நாளை மறுநாள் காலை கையில் கிடைக்கும் என்பதா? முதலாவது பதினாறு மணி நேர வேலை, இரண்டாவது பத்து மணிக்கும் குறைவு. எஸ்டிமேட் வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெளிவாக்காவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். நம் உதாரணத்தில் 1100 மணி நேரம் என்பது தடங்கலற்ற வேலை நேரம் என்று கேட்டு உறுதிசெய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

மொத்தத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. அதை வாரவாரியாகப் பிரிக்கும்போதுதான் திட்டம் எங்கே உடையும் என்பது தெரியும். யாரும் லீவு எடுக்காத முழு வாரத்தில் இந்தக் குழுவிடம் 120 மணி நேரம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் அது 73. பொங்கல் வாரத்தில் வேலை நாளே மூன்றுதான். அதில் 55 மணி நேரம், டெஸ்டிங் ஒரு மணி நேரம்கூட இல்லை. கடைசி வாரத்தில் 95 இருக்கிறது, ஆனால் பணம் திரும்பச் செலுத்தும் பகுதியை அறிந்தவர் கல்யாண வீட்டில் இருப்பார். அதாவது எழுதி முடித்ததைச் சோதிக்க ஆள் வேண்டிய வாரத்தில் சோதிக்க ஆள் இல்லை. சோதித்துக் கண்டுபிடித்த பிழையைத் திருத்த ஆள் வேண்டிய வாரத்தில் திருத்த ஆள் இல்லை. கூட்டுத்தொகையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. டெஸ்டிங் செய்பவரின் 160 மணி நேரத்தை எடுத்துப் புரோகிராம் எழுதவும் முடியாது.

டிசம்பர் 19 வரையிலான முதல் மூன்று வாரங்களில் மட்டும் 348 மணி நேரம் இருக்கிறது. மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. பொதுவாகத் திட்டத்தின் ஆரம்ப வாரங்கள் மந்தமாகத்தான் போகும். கணினியில் அனுமதி வாங்குவது, தேவைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது, வடிவமைப்புக்குக் காத்திருப்பது. இந்தப் பருவத்தில் அதற்கு இடமே இல்லை. கொழுத்த வாரங்கள் முன்னால் இருக்கின்றன, மெலிந்தவை பின்னால். அனுமதிகளை நவம்பரிலேயே வாங்கி வைத்து, டிசம்பர் முதல் தேதி காலையில் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

வாடிக்கையாளர் பக்கத்து நாள்காட்டியும் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாளான பாக்சிங் டேயும் விடுமுறை. சட்டப்படி மூன்று நாள்தான் என்றாலும், முடிவெடுக்கிறவர்கள் கிறிஸ்துமஸுக்கு முன் கிளம்பினால் புத்தாண்டு கழிந்துதான் திரும்புவார்கள். டிசம்பர் 22-இல் அனுப்பும் கேள்விக்கு ஜனவரி 5-இல் பதில் வந்தாலும் ஆச்சரியப்பட முடியாது. நம் ஆட்கள் அந்த நாட்களில் வேலைக்கு வந்திருப்பார்கள், ஆனால் ஒப்புதல் கிடைக்காமல் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே அவர்களிடம் கேட்க வேண்டியதை எல்லாம் டிசம்பர் 18-க்குள் கேட்டுவிட்டு, பதில் தேவைப்படாத வேலைகளை அந்த இரண்டு வாரத்துக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

சரி, 760 வைத்துக்கொண்டு 1100-ஐ எப்படிச் செய்வது? ஜனவரி 23-க்குள் செய்ய முடியாது. மிச்சம் 340 மணி நேரம். ஜனவரி 26 திங்கட்கிழமை குடியரசு தினம் என்பதால் அந்த வாரத்தில் 96, அடுத்த இரண்டு வாரங்களில் 120 வீதம். பிப்ரவரி 13 வரை 336 வருகிறது. நோய்நொடிக்கு ஒரு வாரம் சேர்த்து பிப்ரவரி 20 என்று சொல்வது நேர்மையான தேதி. வாடிக்கையாளருக்கு ஜனவரி 23 கட்டாயம் வேண்டும் என்றால் அன்றைக்குள் 700 மணி நேர வேலைதான் தர முடியும். நான் இந்தக் குழுவில் இருந்தால், கிடங்குக்குப் பொருள் திரும்ப வந்துசேரும் பகுதியையும் பணம் திரும்பப் போகும் பகுதியையும் முதலில் எடுத்துக்கொண்டு, அறிக்கைகளையும் நிர்வாகத் திரைகளையும் பிப்ரவரிக்குத் தள்ளுவேன். பணப் பகுதியை டிசம்பர் முதல் வாரத்திலேயே தொடங்கி, கிறிஸ்துமஸுக்கு முன்பே டெஸ்டிங்குக்குக் கொடுத்துவிடுவேன். அதை எழுதுகிறவரோடு மூத்தவரையும் தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைப்பேன், கல்யாண வாரத்தில் பிழை வந்தால் பார்த்துக்கொள்ள. அந்த ஒரு மணி நேரத்துக்கும் கணக்கில் இடம் ஒதுக்க வேண்டும்.

இதை நவம்பரில் சொன்னால் வாடிக்கையாளர் பேரம் பேசுவார். ஜனவரி 20-இல் சொன்னால் கோபப்படுவார். ஓவர்டைம் பார்த்துச் சமாளிக்கலாமே என்று மேலிருந்து ஒரு குரல் வரும். ஒரு வாரம், இரண்டு வாரம் அது நடக்கும். ஆனால் 340 மணி நேரப் பள்ளத்தை அதனால் மூட முடியாது. வாரத்துக்கு 95 மணி நேரம் சராசரியாகத் தரும் குழுவிடம் எட்டு வாரமும் மேலும் 42 மணி நேரம் கேட்பதாக அது ஆகும். கிட்டத்தட்ட பாதி அளவு கூடுதல், அதுவும் பண்டிகை வாரங்களில்.

நான் வைத்த இரண்டு மணி, நான்கு மணி, ஐந்து மணி என்ற எண்கள் உங்கள் குழுவுக்குப் பொருந்தாமல் போகலாம். அதற்கு டைம்ஷீட்டைப் பார்க்காதீர்கள். அங்கே எல்லாருக்கும் எட்டு மணி நேரம்தான் இருக்கும், எட்டுக்குக் குறைந்தால் விளக்கம் கேட்பார்கள் என்பதால். அதற்குப் பதிலாக, இரண்டு வாரம் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில், மாலை கிளம்பும்போது, இன்று இந்தத் திட்டத்துக்கென்று எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன் என்று ஒரே ஒரு எண்ணை எழுதச் சொல்லுங்கள். இதை வைத்து யாரையும் எடைபோட மாட்டேன் என்று முன்பே சொல்லி, அந்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள். மேலாளரும் தன் எண்ணை எழுதி எல்லார் முன்னாலும் ஒட்ட வேண்டும். நான் முதல்முறை செய்தபோது என் எண் சில நாட்களில் பூஜ்யமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் உண்மையை எழுத ஆரம்பித்தார்கள்.

திட்டம் ஓடும்போது வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரத்துக்கு எழுதி வைத்த மணி நேரத்தோடு நடந்ததை ஒப்பிட்டுப் பார்ப்போம். முதல் வாரத்தில் 120 என்று எழுதி 90 கிடைத்தால் ஏதோ ஒரு தற்செயல் என்று விடலாம். இரண்டாவது வாரமும் அப்படியே வந்தால் கணக்கில் எதையோ விட்டிருக்கிறோம். யாரோ ஒருவரைப் பழைய திட்டம் இழுத்துக்கொண்டிருக்கும், அல்லது யாரும் சொல்லாமல் ஒரு புதிய வாராந்தர மீட்டிங் நுழைந்திருக்கும். டிசம்பர் 12-ஆம் தேதி மாலை அதைக் கண்டுபிடித்தால் வாடிக்கையாளரிடம் பேச இன்னும் நேரம் இருக்கிறது, அவரும் தன் மேசையில் இருப்பார்.

மொட்டைமாடியில் நின்ற அந்த நண்பரோடு அதன்பிறகும் சில வருடங்கள் சேர்ந்து வேலை செய்தேன். ஒவ்வொரு நவம்பரிலும் அவர் இருக்கைக்குப் போய் முதலில் அவரிடம்தான் கேட்பேன். திரையைத் திருப்பி டிக்கெட்டைக் காட்டுவார். தேதியைக் குறித்துக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போவேன்.